93.57: தோற்ற மொழிபெயர்ப்பும் தேறிய பிழையும்

இது சற்று நீண்ட பதிவு. மொழிபெயர்ப்பியலில் ஆய்வு செய்வோரும், மொழிபெயர்ப்புத் தாள் திருத்தும் ஆசிரியர்களும் பொறுமையுடன் படித்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.

ஹெப்பகோடியில் நான் குடியிருக்கும் தெருவில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பலர் உள்ளனர். தெருவில் கன்னடம் பேசுவார்கள். மருந்துச் சீட்டைத் தமிழில்தான் படிப்பார்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கு முடக்குவாதம். ஒருநாள் மாத்திரை அட்டையுடன் வந்து, “தம்பி, இது வாரத்துக்கு ஒருக்காவா, தினமும் ஒருக்காவா? எல்லா மாத்திரையும் தினமும்தானே போடுறோம், இது மட்டும் ஏன் வேற மாதிரி சொல்றாங்க?” என்று கேட்டார். அட்டையில் மெத்தோட்ரெக்ஸேட் என்று இருந்தது. முடக்குவாதத்திற்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் வாய்ப்புண்ணில் தொடங்கி, எலும்பு மச்சை ஒடுங்கி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே தீங்கு நேரலாம். வாரத்தை நாளாக மாற்றிக்கொண்டதால் நேர்ந்த இறப்புகள் பல நாடுகளின் மருத்துவப் பதிவுகளில் உள்ளன.

அந்தக் கேள்வி என்னை உலுக்கியதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு நிறுவனம், தனக்கு வேண்டிய தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்காக இருவருக்கு ஒரே நோயாளர் துண்டறிக்கையைக் கொடுத்திருந்தது. ஆங்கில மூலம் 400 சொற்கள். அதுவும் இதே மருந்தைப் பற்றியதுதான். முதல் மதிப்பீட்டாளர் பிழைகளைக் குறித்து, எடையிட்டு, முடிவு எழுதிவிட்டார். இரண்டாம் பார்வைக்காகத் தாள் என்னிடம் வந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கு தேவையில்லை. அந்தத் தாளின் கணக்குதான் தேவை.

முதலில் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிழைகளை வகைப்படுத்தி எண்ணுவது நமக்குப் புதிதன்று. நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல் என்பவற்றை இன்றைய மொழிபெயர்ப்பு மதிப்பீட்டுத் தாளில் விடுபாடு, சேர்க்கை, பொருள் முரண் என்று அப்படியே காணலாம். நன்னூலில் இல்லாதவை இரண்டு: குற்றத்திற்கு எடை, நூலுக்குத் தேர்ச்சி வரம்பு. அவ்விரண்டையும் சேர்த்தவை பிற்காலத் தொழில்துறைகள். மோட்டார் வாகனத் துறைக்காக 2001இல் வெளியான எஸ்.ஏ.இ. ஜே2450 ஏழு பிழை வகைகளை மட்டும் வைத்துக்கொண்டது. ஒவ்வொரு வகைக்கும் கடும்பிழை, சிறுபிழை என்று இரண்டு எடைகள். தவறான கலைச்சொல்லுக்கு 5 அல்லது 2. நிறுத்தக்குறிப் பிழைக்கு 2 அல்லது 1. நடையழகை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. பின்னர் 2012க்கும் 2014க்கும் இடையில் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த ஓர் ஆய்வுத் திட்டத்தில் எம்.கியூ.எம். என்னும் விரிவான வகைப்பாடு உருவானது. இப்போது அதில் கலைச்சொல், பொருள் துல்லியம், மொழி மரபு, நடை, வட்டார வழக்கு, வாசகர் பொருத்தம், வடிவமைப்பு என ஏழு பெரும் பிரிவுகள் உள்ளன. பரவலாக வழங்கும் எடைகள்: சிறுபிழைக்கு 1, பெரும்பிழைக்கு 5, அபாயப் பிழைக்கு 25. மதிப்பெண் காணும் வாய்பாடு எளியது:

```
மதிப்பெண் = 100 × (1 − பிழைப்புள்ளிகளின் கூட்டுத்தொகை ÷ சொல்லெண்ணிக்கை)
```

என்னிடம் வந்த தாளும் இதையே பின்பற்றியிருந்தது. தேர்ச்சி வரம்பு 95. இரு மொழிபெயர்ப்புகளும் ஏறத்தாழ 280 தமிழ்ச் சொற்கள் கொண்டவை.

முதலாம் மொழிபெயர்ப்பில் 18 சிறுபிழைகள். பெரும்பிழை ஒன்றும் இல்லை. அந்தப் பதினெட்டில் பன்னிரண்டு, வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாதவை: “மாத்திரையை தவறாமல்”, “மருத்துவரை கேட்காமல்” போன்றவை. எஞ்சிய ஆறில் சில நிறுத்தக்குறிப் பிழைகள். சில, பக்கவிளைவு என்றும் பக்க விளைவு என்றும் மாறி மாறி எழுதியவை. 18ஐ 280ஆல் வகுத்தால் மதிப்பெண் 93.57. முடிவு: ஏற்கத்தக்கதன்று.

இரண்டாம் மொழிபெயர்ப்பில் 4 சிறுபிழைகளும் ஒரு பெரும்பிழையும். மொத்தம் 9 புள்ளிகள், மதிப்பெண் 96.79. முடிவு: ஏற்கத்தக்கது.

அந்த ஒரே பெரும்பிழை எது தெரியுமா? மூலத்தில் மாத்திரையை வாரம் ஒருமுறை, ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில் உட்கொள்ளச் சொல்லியிருந்தது. மொழிபெயர்ப்பில் “நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒருமுறை உட்கொள்ளவும்” என்றிருந்தது. இது அறியாமையால் நேர்ந்த பிழையாக எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலான துண்டறிக்கைகளில் நாள்தோறும் ஒரே நேரத்தில் என்ற தொடரே வரும். மொழிபெயர்ப்பு நினைவகம் பழைய கோப்பிலிருந்து அந்தத் தொடரை எடுத்து நீட்டியிருக்கும். கைப்பழக்கம் அதை ஏற்றுக்கொண்டிருக்கும். வாக்கியம் நல்ல தமிழில், சந்திப்பிழை ஒன்றும் இல்லாமல் ஒழுகியது. மூலத்தோடு வைத்துப் பாராதவர்க்கு அது பிழையென்றே தெரியாது.

முதல் மதிப்பீட்டாளர் அதைக் கவனிக்காமல் இல்லை. பொருள் துல்லியம், தவறான பெயர்ப்பு என்று வகையையும் சரியாகவே குறித்திருந்தார். ஆனால் கடுமையைப் பெரும்பிழை என்றே இட்டார். அவர்க்குத் தரப்பட்ட குறிப்பேட்டில், வாக்கியம் முழுதும் பொருள் விளங்காமற் போனால் அல்லது நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் நேர்ந்தால் மட்டுமே அபாயப் பிழை என்றிருந்தது. விளம்பர வாசகங்களுக்காக எழுதிய விளக்கத்தை மருந்துத் துண்டறிக்கைக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இங்கோ வாக்கியம் தெளிவாக விளங்குகிறது. நிறுவனத்தின் பெயர் அதில் இல்லவே இல்லை. தவறியது ஒரு சொல். ஆகவே 5.

இந்த இடத்தில்தான் என் முதற்கருத்து தொடங்குகிறது. பிழையின் வகையை மொழியறிவு தீர்மானிக்கும். கடுமையைத் தீர்மானிக்க மொழியறிவு மட்டும் போதாது. பிழை எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பது கடுமை அன்று. அதைப் படித்தவர் அதன்படி நடந்தால் என்ன நேரும் என்பதே கடுமை. ஒரே பிழை பயணக் கட்டுரையில் சிறுபிழையாகவும் மருந்துச் சீட்டில் அபாயப் பிழையாகவும் இருக்கலாம். ஆகையால் கடுமைக்குரிய விளக்கத்தை ஒவ்வொரு பனுவல் வகைக்கும் தனித்தனியே, மதிப்பீடு தொடங்குமுன் எழுதியாக வேண்டும். மருந்துத் துண்டறிக்கைக்கு அது ஒரே வரியில் அடங்கும்: அளவு, கால இடைவெளி, உட்கொள்ளும் வழி, விலக்கு ஆகிய நான்கில் எது பிழைத்தாலும் அபாயப் பிழை. ஐயம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஜே2450 கூறும் விதி எனக்குப் பிடித்தது: கடும்பிழையா சிறுபிழையா என்று முடிவுசெய்ய இயலாதபோது கடும்பிழை என்றே குறிக்க வேண்டும்.

அபாயப் பிழை என்று திருத்தி 25 இட்டால் இரண்டாம் மொழிபெயர்ப்பின் புள்ளி 29 ஆகும், மதிப்பெண் 89.64க்கு இறங்கும், அது தோற்கும். சிக்கல் தீர்ந்துவிட்டதே என்று தோன்றலாம். தீரவில்லை. தேர்வுக்குத் தந்த சிறு பகுதியை விட்டுவிட்டு, 1,400 தமிழ்ச் சொற்கள் கொண்ட முழுத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 10 சிறுபிழைகளும் இதே அபாயப் பிழை ஒன்றும் இருப்பதாகக் கொண்டால் மொத்தம் 35 புள்ளிகள். 35ஐ 1,400ஆல் வகுத்தால் மதிப்பெண் 97.5. நச்சுத்துளி அதேதான், பாத்திரம் பெரிதாகிவிட்டது, அவ்வளவே. சரியான எடையிட்ட பின்னும், பனுவல் நீளமானது என்பதற்காகவே உயிருக்கு ஊறு செய்யும் வாக்கியம் தேர்ச்சி பெறுகிறது.

எனவே அபாயப் பிழையைக் கூட்டுத்தொகைக்குள் கரைக்கக் கூடாது. அதற்குத் தனிவாயில் வேண்டும்: ஓர் அபாயப் பிழை இருந்தாலே மொழிபெயர்ப்பு நிறுத்தப்படும், மதிப்பெண் 99 ஆனாலும் சரி. எம்.கியூ.எம். முறையும் இத்தகைய விதியைச் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் வரம்பும் விதியும் என்னவென்று தீர்மானிப்பதைப் பயன்படுத்துவோரிடமே விட்டுவிடுகிறது. 95 என்ற எண் எந்த ஆய்விலிருந்தும் வந்ததன்று; அந்த நிறுவனத்தில் யாரோ ஒருவர் தேர்ந்த எண் அது.

இனி முதலாம் மொழிபெயர்ப்புக்கு வருவோம். அது தோற்றதற்குக் காரணம் வல்லெழுத்துகள். சந்தியை எளிதாகக் கொள்ளச் சொல்கிறேன் என்று தமிழாசிரிய நண்பர்கள் வருந்த வேண்டா. மிகுதலும் மிகாமையும் பொருளை மாற்றும் இடங்கள் தமிழில் உண்டு. அங்கே அது சிறுபிழை அன்று. ஆனால் இரண்டாம் வேற்றுமை உருபின் பின் ஒற்று மிகாமையால் “மருத்துவரை கேட்காமல்” என்பதை எந்த நோயாளரும் வேறாகப் புரிந்துகொள்ளப்போவதில்லை. பன்னிரண்டும் பெரும்பாலும் ஒரே விதியின் பிழை. மெய்ப்புத் திருத்துபவர் பத்து நிமிடங்களில் சரிசெய்துவிடுவார். அதைப் பன்னிரண்டாக எண்ணியதால் ஒரு பழக்கத்துக்குப் பன்னிரண்டு தண்டனை கிடைத்தது. ஒரே மூலத்திலிருந்து மீள மீள வரும் பிழையை ஒருமுறை மட்டும் எண்ணினால் மொத்தம் 7 புள்ளிகள், மதிப்பெண் 97.5. அதே தாள், அதே பிழைகள், அதே வரம்பு, தேர்ச்சி!

வேறொரு வழியும் உண்டு. 2021இல் ஃபிரைடாக் முதலானோர் கூகுளில் இயந்திர மொழிபெயர்ப்புகளை எம்.கியூ.எம். முறையில் அளந்தபோது, நிறுத்தக்குறிச் சிறுபிழைக்கு ஒன்று என்று இடாமல் 0.1 என்று எடையிட்டனர். பொருளைத் தொடாத சந்திப் பிழைக்கும் அதே எடையை இட்டால் பன்னிரண்டுக்கும் சேர்த்து 1.2 புள்ளிதான், மதிப்பெண் 97.43. பிழை கண்ணில் படாமற் போகவில்லை, பதிவாகிறது. ஆனால் தீர்ப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்வதில்லை. தமிழுக்கென ஒரு வகைப்பாடு அமைப்போர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது இதுதான் என்பேன்.

அடுத்து, வகுக்கும் எண். இதை நம் ஆய்வேடுகளில் எவரும் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. தமிழ் ஒட்டுமொழி. ஆங்கிலம் மூன்று நான்கு சொற்களில் சொல்வதை நாம் உருபும் விகுதியும் சேர்த்து ஒரே சொல்லில் சொல்லிவிடுவோம். ஆகவே 400 சொல் மூலம் 280 சொல் தமிழாகச் சுருங்கியது. ஜே2450 மூலச் சொற்களால் வகுக்கிறது. என்னிடம் வந்த தாள் தமிழ்ச் சொற்களால் வகுத்தது. முதலாம் மொழிபெயர்ப்பின் அதே 18 புள்ளிகளை, எதையும் குறைக்காமல், 400ஆல் வகுத்துப் பாருங்கள்: 95.5. தேர்ச்சி. தமிழ்ச் சொற்களால் வகுத்தால் 93.57. தோல்வி. சொற்களைப் பிரித்தெழுதும் மொழிபெயர்ப்பாளருக்கு வகுக்கும் எண் பெருகி மதிப்பெண் கூடும் என்ற வேடிக்கையும் இதில் ஒளிந்திருக்கிறது. “செய்துகொண்டிருக்கிறார்” என்பது ஒரு சொல். “செய்து கொண்டு இருக்கிறார்” என்பது மூன்று. மூலச் சொற்களால் வகுப்பதே நேர்மையானது. இருவருக்கும் மூலம் ஒன்றுதானே. எதனால் வகுத்தோம் என்பதை எழுதாத மதிப்பெண்ணை வேறொரு மதிப்பெண்ணோடு ஒப்பிடவே இயலாது.

கடைசியாக, மாதிரியின் அளவு. 280 சொற்களுக்கு 95 என்ற வரம்பு வைத்தால் தாங்கக்கூடிய பிழைப்புள்ளி 14. முதலாமவர் பெற்றது 18. வேறுபாடு நான்கு. இதே மொழிபெயர்ப்பாளரின் வேறொரு பக்கத்தை எடுத்திருந்தால் எத்தனை வந்திருக்கும்? சிறுபிழைகள் ஒன்றையொன்று சாராமல் அங்கங்கே விழுகின்றன என்று கொண்டால், சராசரியாக 14 விழும் எழுத்தில் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே நான்கு கூடுவதும் குறைவதும் இயல்பான ஏற்ற இறக்கமே. 14இன் வர்க்கமூலம் 3.7 அல்லவா? பிழைகள் கொத்தாக விழும்போது இந்த ஏற்ற இறக்கம் இன்னும் மிகும். அதாவது ஒரு பக்கத்தை வைத்து 93.57க்கும் 95க்கும் இடையே வேறுபாடு காண்பது, சமையற்கட்டுத் தராசில் தங்கம் நிறுப்பது போன்றது. அந்த இரண்டு தசம இலக்கங்கள் துல்லியத்தின் அறிகுறியல்ல, வகுத்தலின் எச்சம். சிறு மாதிரியில் வரம்பை ஒட்டி நிற்பவரை இன்னும் சில பக்கங்கள் கொடுத்துப் பார்க்க வேண்டுமேயன்றித் தள்ளிவிடக் கூடாது.

நான் இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். வாரம் என்று இருக்க வேண்டியதை உடனே திருத்திக்கொண்டார்கள், அதற்கு நன்றி. ஆனால் தீர்ப்பை மாற்றவில்லை. மதிப்பெண் விதிப்படிதான் கணக்கிடப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. உண்மைதான், விதிப்படிதான். வாரத்தை வாரமென்று எழுதியவர் தோற்றார். நாளென்று எழுதியவர்க்கு அடுத்த பணி சென்றது.

இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர், மொழிபெயர்ப்பு கலையாயிற்றே, அதைக் கூட்டிக் கழிப்பது தகுமா என்று கேட்பார்கள் என்பதை அறிவேன். என் முடிவு அதுவன்று. படித்தேன், நன்றாக ஒழுகுகிறது என்று எழுதும் வழக்கமான மதிப்பீட்டில் இரண்டாம் மொழிபெயர்ப்பு இன்னும் எளிதாக வென்றிருக்கும். அதன் தமிழ் அவ்வளவு வழுவழுப்பு. அந்தத் தாளில் பிழை இடஞ்சுட்டி, வகை குறித்து, எடையோடு எழுதப்பட்டிருந்ததால்தான் அது தவறு என்று என்னால் வாதிட முடிந்தது. எண்ணும் முறையின் உண்மையான பயன் இதுவே: மதிப்பீட்டாளரின் மனத்தில் இருக்கும் தீர்ப்பை மறுக்கத்தக்க வடிவில் வெளியே கொண்டுவருகிறது. 2024இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 5060 மொழிபெயர்ப்பு மதிப்பீட்டுக்கான வழிகாட்டியாக வந்திருப்பதையும் இந்தக் கண்கொண்டே பார்க்கிறேன். ஒரு கவிதையின் பெயர்ப்பு எங்கே உயர்கிறது என்பதைப் பிழைப் பட்டியல் சொல்லாது. அது குறைகளை மட்டுமே காணும். ஆனால் துண்டறிக்கை, இயந்திரக் கையேடு, ஒப்புதல் படிவம் ஆகியவற்றில் குறை காண்பதே முதல் வேலை.

நம் துறைகளில் மொழிபெயர்ப்புத் திறனாய்வு என்ற பெயரில் வரும் ஆய்வேடுகள் பல, இம்முறையைக் கருவியாக எடுத்துக்கொண்டு இறுதியில் ஓர் எண்ணைத் தருகின்றன. அந்த எண்ணுக்கு முன் நான்கு வரிகளை எழுதுமாறு வேண்டுகிறேன்: கடுமையை எந்த வாசகரை, எந்தப் பயனை மனத்தில் வைத்து வரையறுத்தோம், மீள வரும் பிழையை எப்படி எண்ணினோம், எந்தச் சொற்களால் வகுத்தோம், அபாயப் பிழைக்குத் தனிவாயில் வைத்தோமா. இந்நான்கும் இல்லாத மதிப்பெண், அளவு குறிக்காத மருந்துச் சீட்டு. மேற்காட்டிய இரு மொழிபெயர்ப்புகளையும் பெயர்களை நீக்கி, நம் மாணவர் ஐவரிடம் தனித்தனியே கொடுத்துக் கடுமையை மட்டும் இடச் சொல்லிப் பாருங்கள். ஐவரும் எங்கே வேறுபடுகிறார்கள் என்பதைப் பேசுவதற்கே ஒரு வகுப்பு போதாது.

எதிர்வீட்டு அம்மாவிடம் நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் வட்டமிட்டுக் கொடுத்து, மருத்துவரிடமும் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளச் சொன்னேன். “அப்ப ஞாயித்துக்கிழமை மட்டும்தானே தம்பி?” என்று மறுபடி கேட்டுவிட்டுத்தான் போனார்.